ஈர நாய் வாடை, பூனை நெடி: எதற்கு எது எடுபடும்?

போன ஐப்பசி மழையில் எங்கள் சோபாவின் இடது மூலை மறுபடி நெடி அடிக்கத் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு முன் பூனை அங்கே மூத்திரம் போயிருந்தது. அப்போதே வினிகர் போட்டுத் துடைத்து, வாசனை ஸ்பிரேயும் அடித்து, தீர்ந்தது என்று விட்டிருந்தேன். வெயில் காலம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. காற்றில் ஈரம் ஏறியதும் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

பூனை மூத்திரத்தில் இருக்கும் யூரியாவை பாக்டீரியா உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. கண்ணைக் கரிக்கும் நெடி அதுதான். அம்மோனியா காரம், வினிகர் அமிலம். அதனால் சம அளவு தண்ணீர் கலந்த வினிகர் அந்த நெடியை உடனே அடக்கிவிடும். ஆனால் அதே மூத்திரத்தில் யூரிக் அமிலமும் இருக்கிறது. அது தண்ணீரில் எளிதில் கரையாது, வினிகருக்கும் மசியாது. காய்ந்து படிகமாகப் பஞ்சுக்குள் உட்கார்ந்து, ஈரம் படும்போதெல்லாம் வாடையைக் கிளப்பும்.

இங்கேதான் என்சைம் கிளீனர் வினிகரை முந்துகிறது. செல்லப்பிராணிக் கடைகளில் மூத்திரக் கறைக்கென்றே விற்பார்கள். அதிலுள்ள என்சைம்களும் பாக்டீரியாவும் யூரிக் அமிலத்தைச் சிதைத்துவிடும். மேலாக ஸ்பிரே செய்து துடைத்தால் பயனில்லை. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும். நான் முதலில் பழைய வினிகர் போகத் தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றி எடுத்தேன். பிறகு பஞ்சு நனையும்வரை கிளீனரை ஊற்றி, காயாமல் இருக்க பிளாஸ்டிக் தாளால் ஒரு நாள் மூடிவைத்தேன். திறந்தபோது நாற்றம் முன்பைவிட மோசம்! பயந்துவிட வேண்டாம், நடுவில் அப்படித்தான் இருக்கும். மின்விசிறிக்குக் கீழே மூன்று நாள் காய்ந்த பிறகு முகர்ந்தால்தான் உண்மை தெரியும். எனக்கு இரண்டாவது முறையும் செய்ய வேண்டியிருந்தது. அடுத்த அடைமழையில் அந்த மூலை வாய் திறக்கவில்லை.

ஆப்ப சோடா வேறு ரகம். நாய்ப் படுக்கை, கால்மிதி போன்ற இடங்களின் புளித்த வாடைக்கு நல்லது. தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் உதறிவிடலாம். ஆழத்தில் இருப்பதை அது தொடாது. சோடாவையும் வினிகரையும் சேர்த்து நுரைக்கவிடுவது வீண். ஒன்றையொன்று தீர்த்துவிட்டு இரண்டும் பலமிழக்கும். மொசைக், மார்பிள் தரையில் வினிகர் வேண்டாம், பளபளப்பை அரித்துவிடும்.

ஃபினைலையும் பிளீச்சையும் நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. பல ஃபினைல்களில் இருக்கும் ஃபினால் வகைப் பொருளைப் பூனையின் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே ஆபத்து. மூத்திரத்தின் மேல் பிளீச் ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு கிளம்பும்.

பூனையின் மணல் தட்டில் ஆற்று மணலா, கடையில் வாங்கும் பெந்தோனைட் களிமண்ணா? ஆற்று மணல் மலிவு. ஆனால் கட்டி பிடிக்காததால் மூத்திரம் அடியில் தேங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மொத்தமாகக் கொட்டியே ஆக வேண்டும். பெந்தோனைட் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், தினமும் அதை மட்டும் அள்ளினால் போதும். இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் போடுங்கள், மெலிதாக இருந்தால் கட்டி தட்டின் அடியில் ஒட்டி உடையும். தாழம்பூ, லாவெண்டர் மணம் ஏற்றிய வகைகளைப் பல பூனைகள் வெறுத்து, சோபாவைத் தேடிப் போகும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக் தட்டில் கீறல் விழுந்தால் நெடி அதற்குள் ஏறிக்கொள்ளும், அப்போது தட்டையே மாற்றுவதுதான் வழி.

நாய்க்கு அடிக்கடி குளியலா, நன்றாகத் துவட்டுவதா? துவட்டல்தான். நாயின் தோலிலும் முடியிலும் வாழும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும்தான் அந்த வாடையின் ஊற்று. தண்ணீர் ஆவியாகும்போது அதைக் காற்றில் தூக்கிவிடுகிறது. அடிக்கடி ஷாம்பு போட்டால் தோல் வறண்டு புண்ணாகும். மழையில் நடந்து வந்ததும் வாசலிலேயே இரண்டு துண்டு மாற்றித் துடையுங்கள்: கால் விரல் இடுக்கு, அக்குள், காது மடலின் அடி. அடிமயிர் அடர்ந்த நாய் என்றால் முடியை விரலால் விலக்கித் தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மேலே காய்ந்திருக்கும், உள்ளே சில்லென்று இருக்கும். படுக்கை உறையையும் வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் போடுங்கள்.

முழுக்கக் காய்ந்த பிறகும் நாயிடம் புளித்த வாடை விடாமல் அடித்தால் காதைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே சிவந்து, பழுப்பாகப் பிசுபிசுத்தால் அது தொற்றாக இருக்கலாம். அதற்கு டாக்டர்தான்.