பல்லு காரை எடுக்கற ஸ்கேலிங் ஹேண்ட்ஸ்-ஆன் கோர்ஸ்னு 9,000 கட்டி ஏமாந்தேன், ஹைஜீனிஸ்ட் படிக்கிறவங்க பாத்து போங்க

நான் தண்டையார்பேட்டை. டென்டல் ஹைஜீனிஸ்ட் டிப்ளமா ரெண்டாவது வருஷம். காலேஜ்ல கை வைக்க சான்ஸ் கம்மியா கிடைக்குதுன்னு, மின்ட் பக்கம் ஒரு இடத்துல 3 நாள் கோர்ஸ், 9,000 ரூபா, ஆளுக்கு 10 பேஷண்ட், சர்டிபிகேட்டோட கிளினிக் வச்சே வேலை பாக்கலாம்னு சொன்னாங்க, அத நம்பி அம்மாகிட்ட சீட்டுப் பணத்த வாங்கிட்டு போய் கட்டிட்டேன். இடத்தோட பேரு போடல. ஆனா அங்க என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்றேன், ஏன்னா இதே மாதிரி கோர்ஸ் இப்ப நிறைய நடக்குது.

போனா 14 பேருக்கு ஒரே ஒரு பீசோ ஸ்கேலர், அதாவது டிப் அதிர்ந்து காரைய உடைக்கற மெஷின். சக்ஷன் வேலை செய்யல. பேஷண்ட் வாயில தண்ணி நிறைஞ்சு எழுந்து எழுந்து துப்பறாங்க. அதுக்கு சார் பண்ண வேலைதான் இந்த பதிவே. தண்ணி நாப்ப நல்லா குறைச்சிட்டாரு. "தண்ணி கம்மியா இருந்தாதாம்மா உனக்கு பல்லு தெரியும்"னாரு. காரை வரலன்னா பவர ஏத்து, இன்னும் வரலன்னா அழுத்து, அவ்ளோதான் டெக்னிக்.

ரெண்டாவது நாள் எனக்கு வந்தது காசிமேட்டுல ஆட்டோ ஓட்டற ஒரு அண்ணன். ரொம்ப வருஷமா மாவா போடறவரு, கீழ் முன்பல்லுக்கு உள்பக்கம் கறுப்பா காரை பாலம் மாதிரி பிடிச்சிருந்துச்சு, ஈறு இறங்கி வேர் வெளிய தெரியுது. நான் சார் சொன்ன மாதிரியே பவர் ஃபுல்லா வச்சு, டிப்போட முனையால காரைய குத்தி குத்தி எடுத்தேன். காரை வந்துச்சு. ஆனா லேசா ஒரு கருகின வாசன வந்துச்சு, அந்த அண்ணன் கை ரெண்டும் சேரோட கைப்பிடிய இறுக்கி பிடிச்சிருக்கு, கண்ணுல தண்ணி. "கூச்சம்தான், பொறுத்துக்கோப்பா"ன்னு சார் பின்னாடிலருந்து சொல்றாரு. நானும் நிறுத்தல. அத நெனச்சா இன்னிக்கும் மனசு கேக்க மாட்டேங்குது.

அன்னிக்கு ராத்திரி பெரம்பூர்ல ஒரு கிளினிக்ல வேலை பாக்கற சீனியர் அக்காவுக்கு போன் போட்டேன். கருகின வாசனன்னு சொன்ன உடனே அவங்க கேட்ட முத கேள்வி, "தண்ணி எவ்ளோ வந்துச்சு?". எனக்கு பதில் தெரியல. இருமல் மருந்து பாட்டில் மேல வர்ற 10 மில்லி மூடி இருக்குல்ல, அத எடுத்துட்டு போய் பெடல அழுத்தி ஒரு நிமிஷம் பிடிச்சு பாருன்னாங்க. நிமிஷத்துக்கு 20லருந்து 30 மில்லியாவது வரணுமாம், அதாவது மூடி ரெண்டு மூணு தடவ நிறையணும். மூணாவது நாள் காலைல யாரும் வர்றதுக்கு முன்னாடி பிடிச்சேன். ஒரு நிமிஷம் ஆகியும் ஒரு மூடி கூட நிறையல.

தண்ணி வாய கழுவறதுக்குன்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன். அந்த டிப் ஒரு செகண்டுக்கு 25,000 தடவைக்கு மேல அதிருது, பல்லுல உரசறப்ப சூடு வருது, அந்த சூட்ட எடுத்துட்டு போறது தண்ணிதான். 1965-ல சாக், கோஹன்னு ரெண்டு பேரு குரங்கு பல்ல வச்சு பண்ண ஆய்வுல, பல்லுக்குள்ள நரம்பு இருக்கற சதை, அந்த பல்ப்போட சூடு 5.5 டிகிரி செல்சியஸ் ஏறினதுக்கே நூத்துக்கு 15 பல்லுல பல்ப் செத்துப் போச்சு. கீழ் முன்பல்லு சின்னது, அதுலயும் வேர் வெளிய தெரிஞ்சா பல்ப்புக்கு மேல இருக்கறது மெல்லிசு. அங்கதான் நான் தண்ணி இல்லாம அழுத்தினது. இன்னொன்னு, அந்த தண்ணில உண்டாகற குட்டி குட்டி குமிழி வெடிச்சு ஈறுக்கு கீழ இருக்கற அழுக்க கலைக்குது, தண்ணிய குறைச்சா அந்த வேலையும் போச்சு. சரியான ஸ்ப்ரே எப்படி தெரியும்னா, டிப் முனைய சுத்தி பொடி சாரல் மாதிரி ஒரு வட்டம், கூடவே வேகமா சொட்டு விழணும். வெறும் புகை மாதிரி மட்டும் வந்து சொட்டே இல்லன்னா தண்ணி பத்தல, கால எடுத்துடுங்க.

அப்புறம் அந்த டிப். டிப் கம்பெனி ஒரு அட்டை குடுப்பாங்க, அதுல டிப்போட படம் போட்டு கோடு போட்டிருக்கும், மேல வச்சா எவ்ளோ தேஞ்சிருக்குன்னு தெரியும். 1 மில்லிமீட்டர் தேஞ்சா கால்வாசி வேலை குறையும், 2 தேஞ்சா பாதி, அத தூக்கி போட்டுடணும். அதே மாடலுக்கான அட்டைய அக்காகிட்ட வாங்கிட்டு போயிருந்தேன், வச்சு பாத்தா சிவப்பு கோட்டையும் தாண்டி தேஞ்சிருக்கு. அதனாலதான் காரை வரல, அதனாலதான் பவர ஏத்த சொன்னது, அழுத்த சொன்னது. எல்லாம் ஒரு புது டிப் வாங்காததால.

எப்படி பிடிக்கணும்னு அந்த ஞாயித்துக்கிழம அக்கா கிளினிக்ல டாக்டர் முன்னாடி, பிடுங்கின பல்ல பிளாஸ்டர்ல பதிச்சு வச்சு காட்டினாங்க. டிப்போட பக்கவாட்டு பல்லோட ஒட்டினாப்ல, 15 டிகிரிக்கு மேல விரியாம இருக்கணும். பீசோல ரெண்டு பக்கவாட்டுலதான் வேலை, முனைய நட்டுக்கா வச்சா வேர்ல பள்ளம் விழும். ஒரே இடத்துல நிக்காம அசைஞ்சிக்கிட்டே, பேனாவ காகிதத்துல வைக்கற மாதிரி லேசா. என் கைய சின்ன தராசுல அழுத்த சொன்னாங்க, 180 கிராம் காட்டுச்சு. 50 கிராம் பக்கம் போதுமாம்.

கோர்ஸ்ல "ஹேண்ட் ஸ்கேலிங்லாம் பழசும்மா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க, டிரேல இருந்த, கையால காரை சுரண்டற சிக்கிள்லாம் மழுங்கி கெடந்துச்சு. ஆனா ரெண்டையும் சரியா செஞ்சா ரிசல்ட் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதிர்ற அல்ட்ராசானிக் மெஷின்ல நேரம் கம்மி, கையும் கம்மியா வலிக்கும். கைக்கு இருக்கறது தொட்டு தெரிஞ்சிக்கற உணர்வு. அதிர்ற டிப்பும் தண்ணியும் அத மறைச்சிடும். நான் முடிச்ச பிளாஸ்டர் பல்லு கண்ணுக்கு சுத்தமா இருந்துச்சு, அக்கா ஊசி மாதிரி இருக்கற எக்ஸ்ப்ளோரர ஓட்ட சொன்னாங்க, பக்கத்துல ஒரு இடத்துல லேசா தடங்குச்சு. தேஞ்ச டிப்போ, க்யூரெட்னு கையால சுரண்டற கருவி மழுங்கி இருந்தா அதுவோ காரையோட மேல மட்டும் வழவழன்னு தேய்ச்சிட்டு அடிய விட்டுடும், அப்புறம் அத கண்டுபிடிக்கறதே கஷ்டம். தீட்டின க்யூரெட்ட விரல் ஊன்றி, 70-80 டிகிரில வச்சு இழுத்தேன், ஒரு சில்லு தெறிச்சு வந்துச்சு.

சொல்ல மறந்துட்டேன், அந்த 3 நாள்ல ஒருத்தர்கிட்டயும் ஹிஸ்டரி கேக்கல. இருமிக்கிட்டே வந்த ஒரு பெரியவருக்கும் சாரல் அடிச்சாங்க, சர்ஜிகல் மாஸ்க் மட்டும் போட்டு, குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிக்க கூட வைக்காம. டிபி இருக்கலாம்னு சந்தேகம் வந்தா ஸ்கேலிங்க தள்ளி வைக்கணும், எடுத்த உடனே ஸ்ப்ரே அடிக்கற ஆளு இல்ல அவரு. பேஸ்மேக்கர் இருக்கான்னும் கேக்கணும், முக்கியமா மெஷின் காந்தப்புலத்துல அதிர்ற மேக்னடோ டைப்னா.

பணத்த திருப்பி கேட்டேன். தரல, சர்டிபிகேட்ட நீட்டினாங்க. சட்டப்படி மாநில ரெஜிஸ்டர்ல பேரு ஏறினாதான் நாம ஹைஜீனிஸ்ட், இந்த பேப்பர வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

அந்த ஆட்டோ அண்ணன ஸ்டாண்டுல போய் தேடி பிடிச்சு காலேஜுக்கு கூட்டிட்டு போனேன். ஒரு பல்லு குளிர்ந்தது பட்டா நாலஞ்சு நிமிஷம் விண்ணு விண்ணுன்னுதாம். டெஸ்ட் பண்ணி பாத்துட்டு மேடம் வேர் சிகிச்சை வேண்டி வரலாம்னு சொல்லியிருக்காங்க, அடுத்த வாரம் திரும்ப வர சொல்லியிருக்காங்க. அவரு என்ன திட்டல, "நீ புதுசும்மா"ன்னாரு.

அதே இடத்துல அடுத்த பேட்ச்னு திரும்ப விளம்பரம் ஓடுது. இது மாதிரி எங்க போனாலும் காசு கட்டறதுக்கு முன்னாடி ஸ்கேலர ஆன் பண்ண சொல்லி, ஒரு மருந்து மூடிய கீழ பிடிச்சு பாருங்க. டிப் அட்டைய கேளுங்க. காட்ட மாட்டேன்னா பைய எடுத்துட்டு கிளம்பிடுங்க.