நன்கொடைக் கடிதம்: நிறுவனம் முதலிலா, ஒருவர் கதை முதலிலா?

தொடக்கம்
நிறுவனம்: “பல குழந்தைகளுக்குச் செவிக்கருவி வழங்கியுள்ளோம்.” எந்த முகமும் மனதில் எழாது.
கதை: “கடைசி பெஞ்சில் இருக்கும் சிறுமி, டீச்சரின் உதட்டைப் பார்த்தே பாடம் படிக்கிறாள்.”

வேண்டுகோள்
நிறுவனம்: “இயன்றதைத் தாருங்கள்.” எவ்வளவு என்று புரியாமல் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள்.
கதை: “அவளுக்கு ஒரு கருவி வாங்க இவ்வளவு, இந்தத் தேதிக்குள்.” இதைத் தனிப் பத்தியாக வையுங்கள், பின்குறிப்பில் மறுபடி சொல்லுங்கள்.

திருத்தும் வேலை
நிறுவனம்: கடிதம் ஏற்கெனவே இப்படித் தொடங்கினால், அநேகமாக ஒன்றுமில்லை.
கதை: அந்தக் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் புதைந்திருக்கும் கதையை வெட்டி மேலே ஒட்டினால் மட்டும் போதாது. அவளுக்குக் கருவி கிடைத்துவிட்டதாகக் கதை முடிந்தால், கொடுக்கக் காரணமே இருக்காது. கிடைப்பதற்கு முன்பே நிறுத்துங்கள். நடந்ததை மாற்றாதீர்கள்: ஏற்கெனவே கிடைத்திருந்தால், இன்னும் காத்திருக்கும் குழந்தையைத் தேர்ந்தெடுங்கள். பெற்றோரின் சம்மதம் கட்டாயம்.

தனிநபர்களுக்கு அனுப்ப, கதை முதலில். கணக்குப் பார்த்து மானியம் தரும் அமைப்புகளுக்கு, நிறுவனம் முதலில்.