எமன் வீட்டுக்குப் போய் வந்த மூன்று கதைகள்

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய திரைக்கதைச் சுருக்கத்தை இரண்டு முறை படித்தேன். தண்டையார்பேட்டையில் ஒரு அக்கா. அவளுடைய ஆறு பவுன் செயின் அடகுக் கடையில் இருக்கிறது. பங்குனி முடிவதற்குள் மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும். தம்பி மீட்கக் கிளம்புகிறான். இதுவரை நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு பன்னிரண்டு காட்சிகளுக்கு அவன் பணத்துக்கு அலைகிறான், கடைசியில் யாரோ ஒரு நல்லவர் கொடுத்துவிடுகிறார். "கதை எப்படி நகருதுன்னு புரிஞ்சுக்க ஒரே ஒரு பழங்கதை சொல்லுங்க ஐயா" என்று போனில் கேட்டாய். நான் மூன்று சொல்லப் போகிறேன். ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் எதை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றிலும் சம்பவம் ஏறக்குறைய ஒன்றுதான். சாவின் வீட்டுக்குப் போன ஓர் உயிரை மீட்க வேண்டும். வேண்டுமென்றேதான் இப்படிப் பொறுக்கினேன். சம்பவம் வேறு வேறாக இருந்தால் எது சுவாரசியமான சம்பவம் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பாய். ஒரே சம்பவத்தை மூன்று பேர் சொன்னால்தான், சொல்லும் விதம் தனியாகக் கண்ணில் படும். நகையையும் மீட்கிறோம், உயிரையும் மீட்கிறோம் என்று நம் மொழியே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. உன் கதைக்கும் அது பொருந்தும்.

முதலில் சாவித்திரி. காரடையான் நோன்பன்று அடையும் வெண்ணெயும் வைத்து உன் அம்மா சொல்லியிருப்பாள். ஆனால் நீ கேட்டது வீட்டுக் கதை. அதில் சாவித்திரி எமனை ஏமாற்றிவிடுகிறாள், அவ்வளவுதான். மகாபாரதத்தின் வன பர்வத்தில் மார்க்கண்டேயர் தருமனுக்குச் சொல்வதைப் படி. சத்தியவான் இன்னும் ஓராண்டில் இறப்பான் என்று நாரதர் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறார். அது சாவித்திரிக்குத் தெரியும், அவள் அப்பாவுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். சத்தியவானுக்குத் தெரியாது, அவனைப் பெற்றவர்களுக்கும் தெரியாது. அந்த ஓராண்டில் காட்டில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஆனாலும் மருமகள் மாமனாருக்குப் பணிவிடை செய்கிற சாதாரண வரியைக்கூட நம்மால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை, ஏனென்றால் அவள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

உன் கதையிலும் ஒரு கெடு இருக்கிறது. ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த கெடு. அக்காவுக்குத் தெரியும், அவள் புருஷனுக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும். அப்படி எல்லோரும் ஒன்றாகப் பதறினால், பார்க்கிறவனுக்குத் தனியாகப் பதற எதுவும் மிஞ்சாது.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. சாகும் நாள் நெருங்கும்போது அவள் மூன்று இரவு உண்ணாமல் நின்று நோன்பிருக்கிறாள். அன்று காலை, கணவனோடு காட்டுக்குப் போகிறேன் என்று மாமனாரிடம் அனுமதி கேட்கிறாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இவள் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை என்று சொல்லி அவர் விடை கொடுக்கிறார். பார்த்தாயா? அனுமதி கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கதை ஓராண்டு முழுவதும் அவளை எதையும் கேட்காமல் வைத்திருந்தது. நீயோ பன்னிரண்டாம் காட்சியில் நல்லவரைக் கொண்டுவருகிறாய். அவர் எங்கிருந்து வந்தார் என்பதற்கு முந்தைய பதினொன்றில் ஒரு தடயமும் இல்லை.

அப்புறம் வரங்கள். எமன் உயிரைக் கட்டித் தெற்கே நடக்கிறான், இவள் பின்னால் போகிறாள். ஏழடி சேர்ந்து நடந்தவர்கள் நண்பர்கள் என்று தொடங்கி, தர்மம் பற்றி ஒவ்வொரு முறையும் அழகாக ஏதோ சொல்கிறாள். எமன் மகிழ்ந்து வரம் தருகிறான், ஆனால் சத்தியவானின் உயிரைத் தவிர என்று சேர்த்துக்கொள்கிறான். முதலில் மாமனாரின் கண் பார்வை, பிறகு அவர் இழந்த அரசு, பிறகு தன் அப்பாவுக்கு நூறு பிள்ளைகள். நான்காவதாகத் தனக்கும் சத்தியவானுக்கும் நூறு பிள்ளைகள் கேட்கிறாள், அதுவும் கிடைக்கிறது. ஐந்தாவது முறை எமன் அந்த விலக்கைச் சொல்லவில்லை. அதை அவள் சுட்டிக்காட்டியே உயிரைக் கேட்கிறாள். நான்கு முறை வந்த ஒரு வாக்கியம் ஐந்தாவது முறை வராமல் போவதில்தான் கதை திரும்புகிறது. வீட்டுக் கதையில் இந்த விலக்கு காணாமல் போய்விட்டதால், திருப்பம் வெறும் சாமர்த்தியமாகத் தெரிகிறது.

இதில் ஒரு குறை உண்டு. சாவித்திரி எங்கும் தவறுவதில்லை. ஒருபோதும் தவறாத ஆளை வைத்து எழுதுவது உன் வயதில் ஆபத்து. அவள் பேச்சு அளவுக்கு உன் வசனம் நன்றாக இருந்தால்தான் தாங்கும்.

இரண்டாவது ஆர்ஃபியூஸ். கிரேக்கக் கதை, உனக்குத் தெரிந்திருக்கும். பாம்பு கடித்து இறந்த மனைவி யூரிடிசியை, பாடியே பாதாளத்திலிருந்து கேட்டு வாங்குகிறான். மேலே வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. பார்த்துவிடுகிறான். கதை பற்றி வகுப்பெடுப்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். நான் இதைக் கடைசியில் வைப்பேன்.

கதை மோசம் என்பதால் இல்லை. இதைப் படித்துவிட்டு எழுதுகிறவர்கள், கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டு நாயகனை மீற விட்டால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெட்டியைத் திறக்காதே, அந்த அறைக்குள் போகாதே. ஏன் மீறினான் என்றால் ஆசை என்பார்கள். இந்தக் கதையை எழுதிய ரோமானியக் கவி ஓவிட் எப்படிச் செய்கிறார் என்று பார். யூரிடிசியைப் பாதாளத்தில் கூப்பிடும்போதே, காலில் பட்ட கடியால் அவள் மெதுவாக நடந்து வந்தாள் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை போடுகிறார். திரும்பும் வழி செங்குத்து, இருட்டு, சத்தமே இல்லை. காதாலும் குரலாலும் வாழ்கிற ஒரு பாடகனை நிசப்தத்தில் நடக்க விட்டு, பின்னால் வருகிறவள் நொண்டுகிறாள் என்றும் நமக்குச் சொல்லிவிட்டார். இவன் திரும்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இப்படி ஒரு நிபந்தனை எழுதினால் உனக்கு நீயே கேட்டுக்கொள்: இதே நிபந்தனையை வேறொரு ஆள் சுலபமாகக் காப்பாற்றிவிடுவானா? ஆம் என்றால் சரியான நிபந்தனைதான். யாராக இருந்தாலும் மீறுவார்கள் என்றால், அது உன் நாயகனுக்காக வைத்தது ஆகாது.

நேரமிருந்தால் இதே கதையை எழுதிய இன்னொரு ரோமானியக் கவி வெர்ஜிலையும் பக்கத்தில் வைத்துப் படி. ஓவிட் எழுதியதற்குச் சுமார் 40 ஆண்டு முன்பே இதை எழுதியவர். அவருடைய யூரிடிசி மறையும் முன், எந்தப் பித்து நம் இருவரையும் அழித்தது என்று பேசிவிட்டுப் போகிறாள். ஓவிடில் அவள் குறை சொல்வதே இல்லை. தன்னை நேசித்தான் என்பதைத் தவிர வேறு என்ன குறை சொல்ல முடியும் என்று கேட்டுவிட்டு, அவன் காதில் சரியாக விழாத ஒரே ஒரு விடைபெறும் சொல்லோடு அனுப்பிவிடுகிறார். எனக்கு ஓவிட்தான்.

மூன்றாவது உனக்குப் புதிதாக இருக்கும். சுமேரியக் கதை, இனான்னா என்ற தெய்வம் பாதாளம் போன கதை. நமக்குக் கிடைத்திருக்கும் களிமண் பலகைகள் ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை. உடைந்த துண்டுகள் இஸ்தான்புல்லிலும் ஃபிலடெல்ஃபியாவிலுமாகக் கிடந்தன, அவற்றைச் சேர்த்துச் சேர்த்துத்தான் படித்தார்கள்.

இனான்னா தன் அக்கா எரெஷ்கிகல் ஆளும் பாதாளத்துக்குக் கிளம்புகிறாள். போகுமுன் கிரீடம், மணிமாலை, மார்புப் பதக்கம், தங்க வளையம், அரச ஆடை என்று எல்லாம் பூண்டுகொள்கிறாள். ஏழு வாசல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைக் கழற்றிக்கொள்கிறார்கள். இது என்ன என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்க, பேசாதே, பாதாளத்தின் முறையைக் கேள்வி கேட்காதே என்று ஒரே பதில் வருகிறது. ஏழு முறையும் ஏறக்குறைய அதே வரிகள். முதலில் படித்தபோது எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. கடைசியில் உடம்பில் ஒன்றுமில்லாமல் போய் நிற்கிறாள். அவளைக் கொன்று ஆணியில் மாட்டிவிடுகிறார்கள்.

அவளை எப்படி மீட்டார்கள் என்பது தனிச் சுவை. சுருக்கிச் சொன்னால், என்கி என்ற தெய்வம் தன் நக அழுக்கிலிருந்து இரண்டு பேரைச் செய்து அனுப்புகிறது. அவர்கள் வலியில் முனகும் எரெஷ்கிகலோடு சேர்ந்து முனகியே இனான்னாவின் உடலைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். ஆனால் உனக்கு வேண்டியது அதன் பிறகு இருக்கிறது. உயிர் பெற்று எழுந்தவளிடம், பாதாளத்திலிருந்து யாரும் சும்மா போனதில்லை, பதிலுக்கு ஓர் ஆளைக் கொடு என்கிறார்கள். ஆளைப் பிடிக்கப் பேய்கள் கூடவே வருகின்றன. முதலில் எதிர்ப்படுகிறவள் அவளுடைய பணிப்பெண் நின்ஷுபுர், புழுதியில் கிடந்து அழுதுகொண்டிருக்கிறாள். இவளைத் தர மாட்டேன் என்கிறாள் இனான்னா. இன்னும் இரண்டு பேர், அவர்களும் துக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களையும் விட்டுவிடுகிறாள். அடுத்து கணவன் தூமுசி. பகட்டான ஆடை உடுத்திச் சிம்மாசனத்தில் அமர்ந்திருக்கிறான்.

அவன் என்ன சொன்னான், அவளை மறந்தானா என்று கதை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சொல்லத் தேவையுமில்லை. உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க, ஏழு வாசலில் ஏழு முறை நம்மைப் பழக்கிவிட்டார்கள். அதனால் அவன் ஆடையைப் பார்த்ததுமே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தச் சலிப்பான வரிகளெல்லாம் இந்த ஒரு பார்வைக்காகத்தான். இவனைக் கொண்டுபோங்கள் என்கிறாள். கடைசியில் அவன் பாதி ஆண்டும் அவன் சகோதரி பாதி ஆண்டும் கீழே இருப்பதாக முடிகிறது.

ஒன்றுதான் படிக்க முடியும் என்றால் இதைப் படி. சாவித்திரியை அடுத்த கதைக்கு வைத்துக்கொள். இனான்னா ஏன் கீழே போனாள் என்பதற்கு அவள் வாசலில் ஒரு சாக்குச் சொல்கிறாள், உண்மைக் காரணம் தெரிவதே இல்லை. கதை டிஸ்கஷனில் அதைக் கேட்டுக் குடைவார்கள், கவலைப்படாதே. உன் கதையில் காரணம் தெளிவாகவே இருக்கிறது. மீட்டதற்கு விலை கொடுத்தவர்தான் யாருமில்லை. பணத்தை நல்லவர் கொடுத்துவிட்டதால் அந்தக் கேள்வியே எழாமல் போயிற்று.

நல்லவரை எடுத்துவிட்டு உன் மூன்றாம் காட்சியை மறுபடி படித்துப் பார். வெறும் கழுத்தோடு அக்கா வாசலில் நிற்கிறாள். கொழுந்தனார் கல்யாணத்துக்குப் போய்விட்டு அவள் புருஷன் பட்டு வேட்டியும் புது மோதிரமுமாக உள்ளே வருகிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்புறம் அந்த மோதிரத்தை மறந்துவிட்டாய்.

அன்புடன்,
உன் பழைய தமிழ் வாத்தியார்