தடித்த ஒற்றைக் கம்பியா, ட்வின் பண்டிலா? 400 கிலோவோல்ட் லைனில் முடிவு செய்தது வானொலி இரைச்சல்தான்

400 கிலோவோல்ட் லைன் ஒன்றுக்குக் கண்டக்டர் தேர்வு செய்யும் குழுவில் இருந்தேன். ஒவ்வொரு ஃபேஸுக்கும் இரண்டு கம்பி என்று முடித்தோம். அதாவது ட்வின் பண்டில். இன்றும் அதே கேள்வி வந்தால், கடல் மட்டத்தை ஒட்டிய சாதாரண நிலப்பரப்புக்கு அதையேதான் சொல்வேன். மேசையில் இருந்த மற்ற இரண்டு வழிகள், அதாவது ஒரே தடித்த கம்பியும் நான்கு கம்பி கொண்ட குவாட் பண்டிலும், ஏன் தள்ளிப்போயின என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன்.

எளிதில் தெரிகிற விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். மின்னோட்டம் கடத்த எவ்வளவு அலுமினியம் வேண்டும் என்பதில் மூன்று வழிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே கம்பியை இரண்டாகப் பிரித்து 45 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓட்டினால் லைனின் ரியாக்டன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, கிட்டத்தட்ட கால் பங்கு குறையும், அதனால் அதிக மின்சாரத்தை நிலையாக அனுப்பலாம். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கம்பியைச் சுற்றிய காற்றில் மின்சாரம் கசிவதால் வரும் கொரோனா இழப்பும் நாம் பயப்படும் அளவுக்கு முடிவைத் தீர்மானிப்பதில்லை. ஒழுங்காக வடிவமைத்த லைனில் வெயில் நாளில் அது கிலோமீட்டருக்குச் சில கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். 350 மெகாவாட் ஓடும்போது கம்பி சூடாவதால் மட்டும் போகிற இழப்பு கிலோமீட்டருக்கு 26 கிலோவாட்டை ஒட்டி வரும். பலத்த மழையில்தான் கொரோனா இழப்பு அதற்குச் சமமாக ஏறும், ஆனால் வருடத்தில் அந்த மணி நேரங்கள் குறைவு. ஆக, பணக்கணக்கில் கொரோனா இழப்பு பின்னுக்குப் போகிறது. வருடம் முழுவதும் இருப்பது லைனுக்குப் பக்கத்தில் வானொலி கேட்பவருக்கு வரும் இரைச்சல். எங்கள் தேர்வு அதில்தான் நின்றது.

கொரோனா எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்வது கம்பியின் மேற்பரப்பில் உள்ள மின்புலம், களத்தில் சொல்வதுபோல் சர்ஃபேஸ் கிரேடியன்ட். அது ஒரு அளவைத் தாண்டினால் கம்பியை ஒட்டிய காற்று உடைந்து, சின்னச் சின்னத் துடிப்புகளாக மின்னோட்டம் பாயும். ஒவ்வொரு துடிப்பும் மைக்ரோசெகண்டுக்கும் குறைந்த நேரமே இருக்கும். ஆனால் அது லைன் நெடுக இரண்டு பக்கமும் ஓடி, கம்பியையே ஒரு நீண்ட ஆன்டெனாவாக்கிவிடும். மீடியம் வேவ் எனும் நடுவலை வானொலியில் கேட்கும் கரகர ஒலி இதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஃபேஸுக்கும் தரைக்கும் இடையே 231 கிலோவோல்ட். ஃபேஸ்களின் சராசரி இடைவெளி 12 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கம்பி 31.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள, நன்கு பழக்கமான ஸ்டீல் உள்ளீடு கொண்ட அலுமினியக் கம்பி.

இதில் ஒன்றை மட்டும் போட்டால் மேற்பரப்பு மின்புலம் சென்டிமீட்டருக்கு 21.9 கிலோவோல்ட். முறுக்கிய கம்பியின் கரடுமுரடையும் சேர்த்துப் பீக்கின் சூத்திரத்தைப் போட்டால், இந்த விட்டத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் கொரோனா தொடங்கும் இடம் சுமார் 21.5. அதாவது மழை, தூசி எதுவும் இல்லாத நாளிலேயே லைன் முழுக்க எல்லையைத் தாண்டிவிடுகிறது. இதை மேலே பேச வேண்டியதில்லை.

அதே கம்பி இரண்டை 45 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டால் மின்புலத்தின் உச்சம் 15.7 ஆக இறங்குகிறது. மின்னூட்டம் இரண்டு கம்பிக்கும் பங்காகிவிடுவதால் ஒவ்வொன்றின் மேலும் சுமை குறைகிறது. இரண்டும் அருகருகே இருப்பதால் வெளிப்பக்கம் நோக்கிய முகத்தில் மின்புலம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். 15.7 என்பது அந்த முகத்தின் கணக்கு. இடைவெளியைக் கூட்டினால் இன்னும் குறையுமே என்று தோன்றும், ஆனால் குறையாது. 30 சென்டிமீட்டரில் 15.6, 60-இல் 15.9. நடுவில் கோடு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. எனவே 45 என்பது கொரோனாவுக்காக எடுத்த எண் அல்ல. காற்றில் இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருக்கவும், ரியாக்டன்ஸ் குறையவும் எடுத்தது.

இப்போது இரண்டாவது வழி. பண்டில் வேண்டாம், கம்பிகளைப் பிரித்துப் பிடிக்கும் ஸ்பேசர் வேண்டாம், ஒரே கம்பியைத் தடிப்பாக்கினால் என்ன? 15.7-ஐ ஒற்றைக் கம்பியில் எட்ட 47 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும். இந்த யோசனைக்கு நல்ல முன்னோடி உண்டு. போல்டர் அணையிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 1936-இல் ஓடத் தொடங்கிய 287 கிலோவோல்ட் லைனில், கொரோனாவைத் தவிர்க்கத்தான் 36 மில்லிமீட்டரை ஒட்டிய உள்ளீடற்ற செம்புக் கம்பி போட்டார்கள். காற்று விசையும் இதில் குறைவு: 47 மில்லிமீட்டர் அகலமே காற்றைத் தடுக்கிறது, ட்வினில் மொத்தம் 63.6. டவர் எடைக்கு இது சாதகம் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மின்புலம் ஒன்றாக இருந்தால் இரைச்சலும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்தால் தவறு. எங்கள் முடிவை உறுதியாக்கியது இந்த ஒரு புள்ளிதான். வானொலிக் குறுக்கீட்டுக்கான சர்வதேசக் குழுவான சிஸ்பிர் தரும் எளிய சூத்திரம் இப்படி:

```
RI = 3.5 g + 12 r − 30
```

இதில் g என்பது மேற்பரப்பு மின்புலத்தின் உச்சம், சென்டிமீட்டருக்குக் கிலோவோல்ட்டில். r என்பது ஒரு கம்பியின் ஆரம், சென்டிமீட்டரில். விடை, அருகிலுள்ள கம்பியிலிருந்து 20 மீட்டர் தூரத்தில், 0.5 மெகாஹெர்ட்ஸில், உலர்ந்த நாளில் சராசரியாக எதிர்பார்க்கும் இரைச்சல். அலகு, மீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் இத்தனை டெசிபல்.

ட்வினுக்குப் போட்டால் 44 டெசிபல். தடித்த ஒற்றைக் கம்பிக்குப் போட்டால் 53. மின்புலம் அதே 15.7, ஆனாலும் 9 டெசிபல் கூடுதல். காரணம் கம்பியின் பருமனே. மெல்லிய கம்பியில் மேற்பரப்பை விட்டு ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் மின்புலம் 61 சதவீதமாக இறங்கிவிடும். தடித்த கம்பியில் அதே தூரத்தில் 70 சதவீதம் மிச்சம் இருக்கிறது. ஆகவே அங்கே தொடங்கும் மின்கசிவு இன்னும் தூரம் நீண்டு வளர இடம் கிடைக்கிறது, துடிப்பும் பெரிதாகிறது. மேற்பரப்பு எண்ணை மட்டும் ஒப்பிட்டுவிட்டு இரண்டும் சமம் என்று எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கேட்பவரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒரு நிலையத்தின் சிக்னல் அந்த இடத்தில் மீட்டருக்கு 3 மில்லிவோல்ட் அளவு, அதாவது 70 டெசிபல் என்று கொள்வோம். ட்வின் அருகே சிக்னல் இரைச்சலை விட 26 டெசிபல் மேலே நிற்கும். உன்னிப்பாகக் கவனித்தால்தான் இரைச்சல் தெரியும். தடித்த கம்பியின் அருகே 17 டெசிபல்தான். பேச்சு புரியும், ஆனால் பின்னால் கரகரப்பு கேட்டுக்கொண்டே இருக்கும், பாட்டைக் கெடுக்கும். 40 மீட்டருக்குத் தள்ளிப்போனால் எந்த லைனிலும் சுமார் 10 டெசிபல் குறையும். அப்படியென்றால் தடித்த கம்பிக்கு ட்வின் அளவு அமைதி வேண்டுமானால், லைனை ஒட்டிய இரைச்சல் பட்டையின் அகலத்தைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். பலத்த மழையில் இரண்டிலும் 20 டெசிபல் அளவு ஏறும். அப்போது ட்வினும் சுகமாக இருக்காது.

மூன்றாவது வழி குவாட். அதே அலுமினியத்தை 22.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள நான்கு கம்பிகளாகப் பிரித்தால் மின்புலம் 13.8, இரைச்சல் 32 டெசிபல். இரைச்சலை மட்டும் பார்த்தால் ட்வினைத் தோற்கடிக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் காற்றைத் தடுக்கும் அகலம் 90 மில்லிமீட்டர், ட்வினை விட 40 சதவீதம் அதிகம். அந்த விசை அப்படியே டவருக்கும் அடித்தளத்துக்கும் போகிறது. இரண்டு டவருக்கு இடையிலான ஒரு ஸ்பானில் பல ஸ்பேசர்கள், ஒவ்வொன்றிலும் நான்கு கிளாம்ப். இழுத்துக் கட்டும்போது நாலு கம்பியின் தொய்வையும் ஒன்றாகச் சரிசெய்ய வேண்டும். 400 கிலோவோல்ட்டில் 44 டெசிபலே போதும் என்னும்போது, மீதிப் 12 டெசிபலுக்கு இவ்வளவு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்வீடனில் 1952-இல் ஓடத் தொடங்கிய 380 கிலோவோல்ட் லைனும் 31.7 மில்லிமீட்டர் கம்பி இரண்டு, 45 சென்டிமீட்டர் இடைவெளி என்றுதான் போனது. ஆனால் 735 கிலோவோல்ட்டுக்கு 1965-இல் கியூபெக் போனபோது நான்கு கம்பி தேவைப்பட்டது. அந்த அழுத்தத்தில் நானும் ட்வினைச் சொல்ல மாட்டேன்.

மலைப்பகுதிக்கும் சொல்ல மாட்டேன். காற்று மெலிந்தால் கொரோனா முன்கூட்டியே தொடங்கும். உயரம் 300 மீட்டர் ஏற ஏற இரைச்சலில் சுமார் 1 டெசிபல் சேரும் என்பது வழக்கமான கைக்கணக்கு. 1500 மீட்டரில் 5 டெசிபல் போய்விடும். அப்போது மூன்று கம்பியையோ நான்கையோ ஆராய வேண்டும். பனி படியும் இடங்களில் பண்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் என் அனுபவம் மெல்லியது, அதனால் அங்கே என் பரிந்துரையைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

ட்வினைத் தேர்ந்தெடுத்த பிறகு காகிதத்தில் வந்த 44 டெசிபல் களத்திலும் வர வேண்டுமே. கம்பியைத் தரையில் இழுத்துப் போட்டால் கீறல் விழுந்து அலுமினிய இழை நிமிர்ந்து நிற்கும், ஒவ்வொரு பிசிறும் ஒரு கொரோனா முனை. அதனால் முழு நீளமும் தரையைத் தொடாமல், இழுவிசையில் வைத்தே ஓட்டினோம். புதுக் கம்பியில் எண்ணெய்ப் பூச்சு இருப்பதால் மழைநீர் முத்து முத்தாக அடியில் தொங்கும், அதனால் முதல் மழைகளில் இரைச்சல் அதிகம். சில மாதங்களில் மேற்பரப்பு மங்கியதும் தண்ணீர் இழைகளுக்குள் பரவி, அது தானாகக் குறையும். இதற்காகப் பதறி லைனை நிறுத்த வேண்டாம்.

அப்புறம் புகார் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, மழையில் கூடுகிறதா, குறைகிறதா என்பதைத்தான். கூடினால், நடுவலையில் மட்டும் கேட்டால், அது கம்பியின் கொரோனா. வெயிலில் டிவி அலைவரிசை வரை கெடுத்து, மழை வந்ததும் நின்றால், அது கம்பியே இல்லை. எங்கோ தளர்ந்த கிளாம்பிலோ இன்சுலேட்டர் ஊசியிலோ சின்ன இடைவெளி விட்டு தீப்பொறி பறக்கிறது. நனைந்ததும் அந்த இடைவெளியைத் தண்ணீர் இணைத்துவிடுவதால் அடங்குகிறது. அதற்கு எத்தனை கம்பி சேர்த்தாலும் பயன் இல்லை. கையடக்க ரிசீவரோடு டவர் டவராகப் போய்த் தளர்ந்த உருப்படியைக் கண்டுபிடித்து இறுக்க வேண்டும்.