படுக்கையோரச் செப்சிஸ் அட்டையுடன் நான்கு ஆண்டுகள்: ஒரு வார்டு செவிலியரின் அனுபவம்

ஈரோட்டுப் பக்கத்தில் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையின் அறுவைசிகிச்சை வார்டில் பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். எங்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும், வெப்பம், நாடி, மூச்சு குறிக்கும் டி.பி.ஆர். சார்ட் தொங்கும் கொக்கியிலேயே, தொற்று முற்றி உடல் உறுப்புகளையே பாதிக்கும் செப்சிஸ் நிலைக்கான எச்சரிக்கை அட்டை ஒன்று நான்கு ஆண்டுகளாகத் தொங்குகிறது. முன்பக்கத்தில் எச்சரிக்கை அளவுகளும், பின்பக்கத்தில் முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவையும் அச்சிடப்பட்டிருக்கும். இந்த நான்கு ஆண்டுகளில் அட்டையை இரண்டு முறை மாற்றி அச்சடித்திருக்கிறோம். ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதல் அட்டையில் மூன்றே வரிகள் இருந்தன. மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 100 அல்லது அதற்குக் கீழ், நினைவில் மாற்றம் என்ற அந்த மூன்றில் இரண்டு இருந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும். 2016-இல் செப்சிஸுக்குப் புதிய வரையறை வந்தபோது அதனோடு வந்த கியூசோஃபா என்ற முறை அது. மனப்பாடம் செய்ய எளிதாக இருந்ததால் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அந்த அட்டை மணி அடிக்கும்போது நோயாளியின் நிலை ஏற்கெனவே மோசமாகியிருக்கும் என்பதைப் பல மாதங்கள் கழித்தே புரிந்துகொண்டோம். 2021-இல் வெளிவந்த பன்னாட்டுச் செப்சிஸ் வழிகாட்டுதலும் கியூசோஃபாவை மட்டும் தனியாக வைத்துச் சல்லடை போட வேண்டாம் என்று சொன்னது. அதன் பிறகு நியூஸ்-2 மதிப்பெண் முறைக்கு மாறினோம். மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் வைத்திருக்கிறோமா இல்லையா, மேல் இரத்த அழுத்தம், நாடி, நினைவு, வெப்பம் என்ற ஏழுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். கூட்டல் 5 வந்தால் மருத்துவர் உடனே வந்து பார்க்க வேண்டும், 7 வந்தால் அது அவசரநிலை. ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். தொற்று இருக்கிறது என்றோ, இருக்கலாம் என்றோ தோன்றும் நோயாளிக்கு 5 வந்துவிட்டால் அட்டையைப் பின்பக்கம் திருப்ப வேண்டும் என்பது எங்கள் விதி.

ஏழு வரிகளில் எங்களை அதிகம் ஏமாற்றியது மூச்செண்ணிக்கை. அட்டை வந்த முதல் ஆண்டில் பழைய சார்ட்டுகளை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். காய்ச்சலில் துடித்தவருக்கும், நன்றாக எழுந்து நடந்தவருக்கும் ஒரே மாதிரி 18 அல்லது 20 என்றே எழுதியிருந்தது. வெப்பமானி, பி.பி. கருவி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் சாச்சுரேஷன் கருவி எல்லாம் எண்ணைத் தாமே காட்டிவிடுகின்றன. மூச்சு ஒன்றைத்தான் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். முப்பது நோயாளிகளுக்கு இரண்டு பேர் இருக்கும் இரவில் அந்த ஒரு நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். நானும் விட்டிருக்கிறேன். உடலில் லாக்டிக் அமிலம் சேரும்போது அதை ஈடுகட்ட உடல் முதலில் செய்வது வேகமாக மூச்சு விடுவதுதான். பி.பி. இறங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே அது தெரிந்துவிடும். நாம் எண்ணாமல் 18 என்று எழுதினால் அட்டை என்ன செய்யும்?

அதனால் இரண்டாவது அச்சில், மூச்சு வரிக்குப் பக்கத்தில் "60 வினாடி முழுக்க, நாடி பிடித்தபடி" என்று சேர்த்தோம். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சின் வேகத்தை மாற்றிவிடுவார். மணிக்கட்டைப் பிடித்தவாறே மார்பைப் பார்த்து எண்ணினால் அவர் நாடி பார்ப்பதாக நினைத்துக்கொள்வார். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு பிசகினாலே நான்கு கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். 20-க்குப் பூஜ்யம், 24-க்கு இரண்டு மதிப்பெண் என்பதால் அந்தப் பிசகு சிறியதல்ல.

அட்டை உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் இரவைச் சொல்கிறேன். கிராமத்தில் இரண்டு எருமைகள் வைத்துப் பால் ஊற்றிவந்த, அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாளுக்குச் சிறுநீர்க் குழாயில் இருந்த கல்லைக் கருவி விட்டு உடைத்து எடுத்து, ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவருக்குச் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் உண்டு, அடெனோலால் மாத்திரை சாப்பிடுபவர். அறுவைக்கு மறுநாள் மாலை சார்ட்டில் மூச்சு 18 என்று எழுதியிருந்தது, காய்ச்சல் இல்லை. இரவு பத்தரை மணிக்கு அவருடைய மருமகள் வந்து, "சிஸ்டர், அத்தை பால் கறந்தாச்சா, சொசைட்டிக்கு நேரமாச்சுன்னு கேட்டுட்டே இருக்காங்க, தூக்கத்துல பேசறாங்களாட்டம் இருக்குதுங்க" என்றார். போய்ப் பார்த்தபோது அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "கண்ணு, எருமை கத்துது பாரு" என்றார். பகலில் என் ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சம்பந்தி வீட்டு வழியில் உறவு கண்டுபிடித்த மனுஷி அவர்.

எண்ணிப் பார்த்தேன். மூச்சு 26, அதற்கு 3. சாச்சுரேஷன் 95, அதற்கு 1. பி.பி. 104-க்கு 60, அதற்கு 1. நாடி 98, அதற்கு 1. புதிய குழப்பம், அதற்கு 3. வெப்பம் 36.4 செல்சியஸ், ஆக்சிஜன் வைக்கவில்லை, இரண்டுக்கும் பூஜ்யம். மொத்தம் 9. காய்ச்சலை மட்டும் பார்த்திருந்தால் அவரைத் தூங்க விட்டிருப்போம். அடெனோலால் நாடியை ஏற விடாது. வழக்கமாக 150 இருக்கும் கொதிப்புக்காரருக்கு 104 என்பது பெரிய இறக்கம், ஆனால் அட்டை அதற்கு ஒரு மதிப்பெண்தான் தருகிறது. முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இரத்தத்தில் கிருமி ஓடும்போதும் காய்ச்சல் வராமல் போகலாம். அன்றைக்கு அவரைக் காட்டிக்கொடுத்தவை மூச்சும் குழப்பமும் மட்டுமே.

10.34-க்கு டியூட்டி டாக்டரை அழைத்தேன். "கல் எடுத்து ஒரு நாள் ஆன சர்க்கரை நோயாளி, மதிப்பெண் 9, மூச்சு 26, புதிதாகக் குழப்பம், செப்சிஸ் என்று நினைக்கிறேன்" என்று அட்டையைப் பார்த்தே சொன்னேன். முன்பெல்லாம் "ஒரு மாதிரி இருக்காங்க டாக்டர்" என்போம், மருத்துவர் கைவேலையை முடித்துவிட்டு வருவார். எண்ணோடு சொன்னபோது அவர் ஆறு நிமிடத்தில் வந்தார். 10.50-க்குள் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் இரத்தக் கல்ச்சரை இரண்டு கைகளிலிருந்தும் தனித்தனியே எடுத்து முடித்தோம், லாக்டிக் அமில அளவைக் காட்டும் லாக்டேட் சோதனைக்கும் சேர்த்து இரத்தம் எடுத்தாயிற்று. 11 மணிக்கு பி.பி. 92-க்கு 50. நரம்பு வழியே ரிங்கர் லாக்டேட் திரவம் ஏறத் தொடங்கியிருந்தது. 11.12-க்கு ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ் போட்டோம். லாக்டேட் 3.8 என்று உயர்ந்து வந்தது. சிறுநீர்ப் பையில் ஒரு மணி நேரத்தில் 15 மி.லி. மட்டுமே வடிந்திருந்தது. 52 கிலோ எடைக்குக் குறைந்தது 26 மி.லி. வந்திருக்க வேண்டும். கிலோவுக்கு 30 மி.லி. திரவம் வீதம் அவருக்குக் கணக்கு 1,560 மி.லி. அதை ஒரேயடியாக ஓட விடாமல், 500 மி.லி. ஏறுந்தோறும் மார்பைக் கேட்டு, மூச்சையும் சாச்சுரேஷனையும் பார்த்துவிட்டே அடுத்ததைத் திறந்தோம். 11.40-க்கு ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். அங்கே இரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் சிறிதளவு தேவைப்பட்டது, விடிவதற்குள் லாக்டேட் 2.1-க்கு இறங்கியது. கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்தது. எட்டாம் நாள் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

அன்று மருமகள் வந்து சொன்னதிலிருந்து 42 நிமிடத்தில் மருந்து உள்ளே போனதற்குக் காரணம் அட்டையல்ல, மருந்தறை அலமாரியில் இருந்த ஒரு நீல டப்பா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் அட்டையின் பின்பக்கம் "ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக்" என்று சொன்னது, நாங்களும் ஓடினோம், ஆனாலும் பெரும்பாலான நாட்களில் மணி தாண்டிவிட்டது. ஏன் என்று நேரம் குறித்துப் பார்த்தோம். மருத்துவர் எழுதுகிறார். சீட்டை உறவினரிடம் தருகிறோம். அவர் கீழே ஃபார்மசிக்குப் போகிறார், பில் போட வரிசை, ஏ.டி.எம். தேடி ஓர் ஓட்டம், கல்ச்சர் பாட்டில் இல்லை என்று திரும்பி வருகிறார். கூட இருப்பவர் வயதான கணவராக இருந்தால் நாற்பது நிமிடம் அங்கேயே போய்விடும். உறவினரைக் குறை சொல்லி என்ன பயன்? நிர்வாகத்திடம் பேசி, இரண்டு ஜோடி கல்ச்சர் பாட்டில், ஹெபாரின் சிரிஞ்சு, இரண்டு ரிங்கர் லாக்டேட், எங்கள் நுண்ணுயிரியல் மருத்துவர் தேர்ந்தெடுத்த ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ்கள் ஆகியவற்றை வார்டிலேயே வைத்தோம். எடுத்துப் பயன்படுத்திவிட்டு, கணக்கை மறுநாள் காலையில் சேர்க்கிறோம். டப்பாவின் மூடியில் காலாவதித் தேதியைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம், ஏனென்றால் கல்ச்சர் பாட்டில் இரண்டு முறை காலாவதியாகிக் கிடந்ததைக் கண்டேன்.

கல்ச்சர் முதலில், மருந்து பிறகு என்ற வரிசையில்தான் புதிய பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். மருந்து போட்ட பிறகு எடுத்த இரத்தத்தில் கிருமி வளராமல் போய்விடலாம். அப்புறம் எந்த மருந்துக்குக் குறுக்குவது என்று தெரியாமல் பெரிய மருந்திலேயே பல நாள் ஓட்ட நேரும். ஆனால் நரம்பு கிடைக்காமல் இரத்தம் வரவில்லை என்று மருந்தை நிறுத்தி வைப்பதும் தவறு. முக்கால் மணி நேரத்துக்கு மேல் கல்ச்சருக்காகக் காத்திருக்கக் கூடாது என்று மூன்றாவது அச்சில் எழுதினோம். பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. இரத்தம் வேண்டும் என்பதையும் சேர்த்தோம், ஏனெனில் 3 மி.லி. எடுத்து அனுப்பிவிட்டு "கிருமி இல்லை" என்ற முடிவை நம்பிய நாட்கள் எங்களுக்கு உண்டு.

அட்டை தவறாக மணி அடிக்கும் இடங்களும் உண்டு. அறுவைக்குப் பின் வலியில் மூச்சும் நாடியும் ஏறும், வலிநிவாரணி போட்டு அரை மணி நேரத்தில் மீண்டும் எண்ணினால் இறங்கிவிடும். நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு 90 சாச்சுரேஷனே வழக்கமாக இருக்கலாம். கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அத்தகையவர்களுக்கு நியூஸ்-2-இல் தனி ஆக்சிஜன் அளவுகோல் உண்டு, ஆனால் அதை மருத்துவர் எழுதித் தந்தால்தான் பயன்படுத்துகிறோம். ஒருவருக்கு இரத்த அழுத்தம் விழும் அதிர்ச்சி நிலையும் இல்லை, தொற்றா என்பதும் உறுதியில்லை என்றால், 2021 வழிகாட்டுதல் மூன்று மணி நேரம் வரை விரைந்து ஆராய்ந்து முடிவெடுக்க இடம் தருகிறது. 5 வந்த எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாடிக் போட வேண்டியதில்லை. டெங்கு என்று தெரிந்தவருக்கு இந்த 30 மி.லி. கணக்கைப் போடக் கூடாது, அதற்கான திரவ முறையே வேறு. பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த மதிப்பெண் பொருந்தாது. அவர்களுடைய கட்டில்களில் இந்த அட்டையை நாங்கள் தொங்கவிடுவதில்லை.

இப்போது நான்காவது அச்சுக்குக் கொடுக்கப் போகிறோம். லேமினேஷன் மேல் மார்க்கரால் எழுதிய நேரங்கள் ஸ்பிரிட் பட்டு அழிந்துவிடுவதால், நேரம் குறிக்க ஒரு காகிதத் தாளைப் பின்னால் செருகும் உறை கேட்டிருக்கிறோம். நினைவு வரியில் இதுவரை "புதிய குழப்பம்" என்று மட்டுமே இருந்தது. அதன் கீழே, "எப்பவும் இப்படிப் பேசமாட்டாங்க என்று வீட்டார் சொன்னால் 3 போடவும்" என்று சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.