சுவர் பூஜை மண்டபம்: சேனல் மாற்றிய பிறகு எழுதுவது

போன வாரம் தச்சர் வந்து எங்கள் பூஜை மண்டபத்தின் இழுப்புத் தட்டு வழுக்கி ஓடுகிற சேனலை மாற்றிவிட்டுப் போனார். அதே வாரத்தில் தோழி ஒருத்தி, "நீ வச்சிருக்கியே, அதே மாடல் இப்போ விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தாள். அவளுக்குச் சொன்ன பதில்தான் இது.

எங்களுடையது சென்னையில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். தனி பூஜை அறைக்கு வழியில்லை. ஹாலில் கிழக்குப் பார்த்து மாட்டக்கூடிய ஒரே சுவரில், இரண்டடி அகலம், ஓரடி ஆழத்தில் இந்த மண்டபத்தை மாட்டி நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. பிளைவுட் மேல் லேமினேட், இரண்டு கதவு, உள்ளே இரண்டு படி, மேலே சின்னக் கோபுரம், கீழே விளக்குக்கு ஓர் இழுப்புத் தட்டு. கடைகளில் இப்போது தொங்குவதெல்லாம் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. கதவு. ஹாலில்தான் சாப்பிடுகிறோம், டிவி பார்க்கிறோம், ஊரிலிருந்து யாராவது வந்தால் அங்கேயே பாய் விரித்துப் படுக்கிறார்கள். சாமி படத்துக்கு எதிரே கால் நீட்டுகிறோமே என்ற உறுத்தல் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. இரவு கதவைச் சாத்தித் தாழ் போட்டால் அந்த உறுத்தல் போய்விடுகிறது. அம்மாவுக்கு முட்டி வலி, தரையில் உட்கார முடியாது. படி நெஞ்சு உயரத்துக்கு வரும்படி மாட்டியதால் நின்றபடியே பூ வைத்து, பொட்டு வைத்து, நிம்மதியாகப் பூஜை முடிக்கிறார்.

இனி அந்தத் தட்டு. யோசனை சரியானது, அதை மறுக்க மாட்டேன். மூடிய பெட்டிக்குள் விளக்கு எரியக்கூடாது. சுடருக்கு நேர் மேலேதான் சூடு தூண்போல ஏறும். காமாட்சி விளக்கை உள்ளே வைத்தால் சுடருக்கும் மேல்பலகைக்கும் நடுவே ஒரு ஜாண்கூட மிஞ்சாது. முதலில் லேமினேட்டில் மஞ்சளாக ஒரு வட்டம் விழும், பிறகு பழுப்பாகும், அப்புறம் ஒட்டிய பசை இளகி ஓரம் தூக்கிக்கொள்ளும். கையை வைத்துப் பார்த்தாலே தெரியும்: விளக்கு எரிந்து கால்மணி நேரம் கழித்து மேல்பலகையில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை என்றால் அந்த இடம் விளக்குக்கு ஆகாது. அதனால்தான் தட்டை வெளியே இழுத்து, கோபுர விளிம்பையும் தாண்டிய இடத்தில் விளக்கு வைக்கிறோம். எங்கள் மண்டபத்தில் விளிம்பு மூன்று அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. தட்டைப் பாதி இழுத்தால் சுடர் அந்த விளிம்பின் அடியில்தான் நிற்கும். முழுக்க இழுக்க வேண்டும்.

முழுக்க இழுக்க முடிந்தால்தானே! சேனலைத் தட்டின் இரண்டு பக்கவாட்டிலும் பதித்திருக்கிறார்கள். தட்டுக்கு விளிம்பு கிடையாது, வழவழப்பான பலகை. மேலே ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் அது ஓடி விழும் இடமே சேனல்தான். விளக்கு வைப்பதற்கென்றே விற்கிற தட்டு இது. எண்ணெய் சிந்தும் என்று இதைச் செய்தவருக்குத் தெரியாதா?

எண்ணெய் பெரும்பாலும் ஊற்றும்போது சிந்துவதில்லை. விளக்கைக் குளிர வைத்த பிறகுதான் கசிகிறது. திரியின் நுனி விளக்கின் மூக்குக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தால், சுடர் இல்லாவிட்டாலும் திரி எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எரிந்து தீர வழியில்லாத எண்ணெய் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். காலையில் பார்த்தால் விளக்கில் பாதி எண்ணெய் இருக்காது, அடியில் குளம் கட்டியிருக்கும். குளிர வைக்கும்போது திரியை ஒரு குச்சியால் உள்ளே இழுத்து எண்ணெயிலேயே அமிழ்த்திவிட்டால் இந்தக் கசிவு நின்றுவிடும். விளக்கின் அடியில் விளிம்புள்ள பித்தளைத் தாம்பாளமும் வேண்டும். நாங்கள் இரண்டையும் செய்கிறோம். ஆனாலும் பண்டிகை நாளில் நாலைந்து அகல் கூடுதலாக வைக்கும்போது எங்காவது ஒரு சொட்டு தப்பிவிடுகிறது.

நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டு நாளடைவில் பிசின் மாதிரி இறுகிவிடும். அதோடு ஊதுவத்திச் சாம்பல், விபூதி, குங்குமம். தச்சர் பழைய சேனலைக் கழற்றிக் காட்டினார். உள்ளே உருள வேண்டிய குண்டுகள் எல்லாம் கருஞ்சிவப்புப் பசையில் அப்படியே பதிந்து கிடந்தன. இப்படி ஆனால் தட்டு சீராக வராது. சிக்கி நிற்கும், பலமாக இழுத்தால் வெடுக்கென்று வரும். அதன் மேல் எரிகிற விளக்கு இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அப்படி நடக்காததற்குக் காரணம் அம்மா வைத்திருக்கும் வரிசை: முதலில் காலித் தட்டை முழுக்க இழுப்பது, பிறகு விளக்கு வைப்பது, கடைசியில் ஏற்றுவது. எரியும்போது தட்டை யாரும் தொடக்கூடாது. குளிர வைத்து, விளக்கைக் கையால் தொட முடிகிற அளவு ஆறிய பிறகே தட்டு உள்ளே போகும். விளக்கு எரியும் நேரம் முழுக்க மின்விசிறி நின்றிருக்கும். பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டப்பா கவிழ்ந்திருக்கும். எண்ணெய் முழுவதும் தீப்பிடித்தால் அதை விளக்கின் மேல் மூடத்தான். தண்ணீர் ஊற்றினால் எரிகிற எண்ணெய் தெறிக்கும்.

தச்சர் புதுச் சேனல் போட்டு, தட்டின் மேல் நான்கு ஓரத்திலும் அரை அங்குல அலுமினியப் பட்டை அடித்துக் கொடுத்தார். கூலியோடு தொள்ளாயிரம் ரூபாய். இனி எண்ணெய் பக்கவாட்டில் இறங்காது. இந்தப் பட்டையைக் கம்பெனி அன்றைக்கே அடித்திருந்தால் அவர்களுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? கடையில் கேட்டதற்கு, "எல்லா மாடலும் இப்படித்தான் மேடம் வருது" என்றார்கள். கோபுரத்துக்குப் பின்னால் லைட் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியவில்லை.

தோழிக்குச் சொன்னது: வாங்காதே. கதவைப் பற்றி இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்று கேட்டாள். கதவு எந்தத் தச்சரிடமும் கிடைக்கும். சாமிக்கு எட்டு அங்குல ஆழத்தில் கதவு வைத்த ஒரு சின்ன அலமாரி செய்துகொள். அதன் கீழே, நகராத ஒரு கருங்கல் பலகை, பதினெட்டு அங்குல நீளம், பதினாலு அங்குல ஆழம், இரண்டு இரும்பு எல்-ஆங்கிள் மேல். அலமாரியை விடக் கல் ஆறு அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் விளக்குக்கு மேலே ஹால் கூரை மட்டும்தான். கல்லில் எண்ணெய் விழுந்தால் துடைத்துவிட்டால் முடிந்தது, இழுக்கவும் தள்ளவும் எதுவும் இல்லை. கப் சாம்பிராணியையும் ஒரு தட்டில் அதே கல்லில் வைக்கலாம். அதன் அடிச்சூட்டுக்கு லேமினேட் தாங்காது. ஒன்றை மட்டும் முதலில் பார்த்துக்கொள். அந்த அளவுக் கல் மட்டுமே எட்டு கிலோ வரும். உன் அபார்ட்மென்ட் புதுசு, சுவர் செங்கல்லா, இல்லை அந்த வெள்ளை லேசான பிளாக்கா என்று தட்டிப் பார். பிளாக் சுவராக இருந்தால் சாதாரண ஸ்க்ரூ பொடியாக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும், அதற்கென்று இருக்கும் ஆங்கரைத்தான் போடச் சொல்ல வேண்டும்.

எங்கள் மண்டபத்தைக் கழற்றுவாயா என்றும் கேட்டாள். மாட்டேன். அம்மாவுக்கு அது பழகிவிட்டது, தட்டும் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் என் பணத்தில் இன்னொன்று வாங்க மாட்டேன், பாதி விலைக்குக் கொடுத்தாலும்.