ஏணியை நம்பிப் பிடித்த குடோன்: கிருஷ்ணகிரியில் வாடகைக்கு இடம் தேடுபவர்கள் கவனத்துக்கு

ஓசூரில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன். கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு குடோன் தேவைப்பட்டது. என்னிடம் இருக்கும் இரும்பு ரேக்குகள் பத்தரை அடி உயரம். அதனால் புரோக்கரிடம் முதலில் கேட்டதே உயரத்தைத்தான்.

வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு போட்டோ வந்தது. பின்சுவர் நேராகத் தெரிகிறது, அதில் ஒரு அலுமினிய ஏணி சாத்தியிருக்கிறது. "அண்ணா, அது பத்தடி ஏணிங்க. அதுக்கு மேல எவ்ளோ காலி இருக்குதுனு நீங்களே பாருங்க, பன்னெண்டுக்குக் குறையாது" என்றார். சீசன் நேரம், நேரில் போக முடியவில்லை. அறுபதாயிரம் அட்வான்ஸும் ஒரு மாத வாடகை கமிஷனும் அனுப்பிவிட்டேன்.

ரேக்குகளோடு வண்டி போய் இறங்கியதும் டேப்பைப் பிடித்தோம். தரையிலிருந்து தளம் வரை 9 அடி 8 அங்குலம். நடுவில் ஓடும் பீமுக்கு அடியில் இன்னும் முக்கால் அடி குறைவு. போட்டோவில் அந்த பீம் வெள்ளைத் தளத்தோடு வெள்ளையாகக் கலந்து தெரியாமலே போயிருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அதே போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். வயிறு எரிந்தது. உண்மை உயரம் அந்தப் படத்திலேயே இருந்திருக்கிறது.

முதலில் ஏணி. படிகளை எண்ணினால் ஏழுதான். இந்த மாதிரி ஏணிகளில் படிக்குப் படி சுமார் ஓர் அடி. கீழேயும் மேலேயும் கொஞ்சம் சேர்த்தால் எட்டடி ஏணி. பத்தடி எங்கிருந்து வந்தது? அதுவும் சாத்திய ஏணி. அடி சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருந்தால், எட்டடி ஏணியின் நுனி சுவரில் தொடுவது ஏழே முக்கால் அடியில். இன்னொன்று, ஏணியின் கால் சுவரைவிட கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பகுதி பெரிதாகத் தெரியும். சுவரோடு ஒட்டியிருப்பது நுனி மட்டும்தான், அளவெடுக்க அந்தப் புள்ளிதான் உதவும்.

படத்தில் தரையிலிருந்து நுனி வரை 467 பிக்சல், தளம் வரை 580. நுனி பத்தடியில் இருக்கிறது என்று நம்பினால் கணக்கு பன்னிரண்டரை அடிக்குக் கிட்டே போகிறது. ஏழே முக்கால் என்று வைத்தால் 9 அடி 7 அங்குலம். படிகளை எண்ணாமல் விட்டது என் தப்பு.

ஏணியைவிட நம்பகமானது சுவர் டைல், ஏனென்றால் அது சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அந்தப் பின்சுவரில் கீழே மூன்று வரிசை டைல் இருந்தது. அகலமும் உயரமும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதம், அதாவது கடையில் 'ஒண்ணுக்கு ஒண்ணரை' என்று கேட்டு வாங்கும் 300 × 450 மி.மீ. டைல். ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தால் அது 300 × 600. சுவரை நேராக எடுத்த படத்தில்தான் இந்த விகிதத்தை நம்பலாம். பக்கவாட்டில் எடுத்தால் அகலம் சுருங்கி ஏமாற்றும். அப்புறம், அடி வரிசையில் வெட்டிய டைல் வைப்பது வழக்கம், அதனால் மூன்றும் முழு டைலா என்று பாருங்கள். இங்கே முழுசு.

மூன்று வரிசையும் சேர்ந்து 270 பிக்சல், 1350 மி.மீ. ஒரு பிக்சலுக்கு 5 மி.மீ. அப்படியென்றால் 580 பிக்சல் 2900 மி.மீ., அதாவது 9 அடி 6 அங்குலம். டேப் சொன்னதைவிட இரண்டு அங்குலம் குறைகிறதே என்று தனித்தனியாக அளந்தேன். அடி வரிசை 91, அடுத்தது 90, மேலது 89. செல்போனை லேசாக மேல்நோக்கிச் சாய்த்து எடுத்திருக்கிறார்; அதனால் மேலே போகப் போக டைல் சுருங்குகிறது. சுவரின் இரண்டு மூலைக் கோடுகளும் மேலே ஒன்றையொன்று நெருங்கினால் இதே சாய்வுதான். வரிசைக்கு ஒரு பிக்சல் குறைத்துக்கொண்டே மேலே எண்ணிப் போனால் தளம் வரை ஆறரை வரிசைக்குச் சற்று மேல், சுமார் 2960 மி.மீ. அது 9 அடி எட்டரை அங்குலம். டேப்போடு அரை அங்குல வித்தியாசம்!

சாய்வு இன்னும் அதிகமாக இருந்தாலோ, அகலமாக எடுக்கும் 0.5x லென்ஸில் எடுத்திருந்தாலோ இந்தக் கணக்கு இவ்வளவு சரியாக வராது. ஆனால் பன்னிரண்டா ஒன்பதரையா என்று தெரிந்துகொள்ள அரை அங்குலத் துல்லியம் எதற்கு?

இட உரிமையாளர் பெரியவர், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நான் ஒம்பதரைனுதானே தம்பி அந்த ஆள்கிட்ட சொன்னேன்" என்றார். கமிஷன் மட்டும் இன்னும் வரவில்லை. புரோக்கர் போனை எடுப்பதில்லை.